கூட்டினால் விகிதம் ஏன் தலைகீழாகிறது?

“இரண்டு துறையிலும் பெண்களுக்குத்தான் சேர்க்கை விகிதம் அதிகம். மொத்தம் போட்டால் ஆண்கள் முந்துகிறார்கள். எக்செலில் எங்கே தப்பு?”

எக்செலில் தப்பில்லை. 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் இதே கதைதான். ஏ துறையில் விண்ணப்பித்த 108 பெண்களில் 89 பேருக்கு இடம் கிடைத்தது (82%). 825 ஆண்களில் 512 பேருக்கு (62%). எஃப் துறையில் 341 பெண்களில் 24 பேர் (7%), 373 ஆண்களில் 22 பேர் (6%). இரண்டையும் கூட்டினால் பெண்கள் 25%, ஆண்கள் 45%!

காரணம், யார் எங்கே விண்ணப்பித்தார்கள் என்பதுதான். பெண்களில் முக்கால்வாசிப் பேர் இடம் கிடைப்பதே அரிதான எஃப் துறைக்குப் போனார்கள். ஆண்களில் பெரும்பாலோர் தாராளமான ஏ துறைக்கு. அதனால் பெண்களின் மொத்த விகிதம் 7% பக்கமும், ஆண்களுடையது 62% பக்கமும் இழுபடுகிறது.

உங்கள் தாளிலும் விண்ணப்ப எண்ணிக்கையைத் துறைவாரியாகப் பாருங்கள். இரு பாலாரும் இரண்டு துறைக்கும் பாதிப்பாதியாக விண்ணப்பித்ததாக வைத்தால், பெர்க்லி கணக்கில் பெண்கள் சுமார் 45%, ஆண்கள் 34%. அப்புறம், பெண்கள் ஏன் எஃப் துறையை நாடினார்கள் என்பதை இந்த அட்டவணை சொல்லாது.