கிளையன்ட் கேட்ட கூடுதல் வசதியை மறுக்கும் மெயில்

"அக்கா, வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. மாத அறிக்கையை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளும் வசதியை ஒரு கிளையன்ட்டுக்குச் செய்கிறோம். கணக்குப் பிரிவு எண்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது, எக்செல் கோப்பாகவும் கொடுங்கள் என்று அவர் எனக்கே நேராக எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தின் 3.2ஆம் பிரிவில் பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது. இப்படிப் பதில் எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா?

'மதிப்பிற்குரிய ஐயா, மன்னிக்கவும். எக்செல் சின்ன வேலைதான். ஆனால் இந்த வாரம் வேலை அதிகம் என்பதால் இப்போதைக்குக் கடினம். முயற்சி செய்கிறோம். தவறாக நினைக்க வேண்டாம்.'"

அனுப்ப வேண்டாம், தம்பி. மரியாதை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர் எக்செல் வரப்போகிறது என்றே எடுத்துக்கொள்வார். 'இந்த வாரம் வேலை அதிகம்' என்றால் அடுத்த வாரம் கேட்பார். 'முயற்சி செய்கிறோம்' என்பதை நாம் பக்குவமாக மறுப்பதற்குச் சொல்வோம். இங்கே அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் கழித்து நடக்கும் கூட்டத்தில் உங்கள் மெயிலையே திறந்து காட்டுவார்கள்.

'சின்ன வேலைதான்' என்பது அதைவிடச் சங்கடம். முதலில், அது உண்மையில்லை. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணை எண்ணாக எழுதிவிட்டால் எக்செல்லில் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறலாம். இதையெல்லாம் சோதிக்க வேண்டும், பிறகு பராமரிக்கவும் வேண்டும். அடுத்தது, சின்ன வேலை என்று நீங்களே எழுதிய பிறகு உங்கள் மேனேஜர் எப்படி அதற்குத் தொகை கேட்பார்?

எழுதுவதற்கு முன் அந்த 3.2ஆம் பிரிவை இன்னொரு தடவை படியுங்கள். 'அறிக்கையை இறக்கிக்கொள்ளும் வசதி' என்று மட்டும் இருந்தால் எக்செல் ஒப்பந்த வரையறைக்குள்ளா வெளியா என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில்லை, மேனேஜர் பார்க்கட்டும். பிடிஎஃப் என்று தெளிவாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்பனைப் பிரிவில் யாராவது வாய்மொழியாகத் தருவதாகச் சொல்லியிருக்கலாம். அப்படியிருந்தால் உங்கள் மறுப்பு நிறுவனத்துக்கே தலைகுனிவாகும். அவர் சரி என்றதும் இப்படி அனுப்பலாம்:

> பொருள்: மாத அறிக்கைக்கு எக்செல் வடிவம்
>
> வணக்கம் (பெயர்),
>
> எழுதியதற்கு நன்றி. கணக்குப் பிரிவினர் எண்களை மறுபடி தட்டச்சு செய்யாமல் இருக்க எக்செல் வடிவம் வேண்டும் என்பது புரிகிறது.
>
> ஒப்பந்தத்தின் 3.2ஆம் பிரிவு மாத அறிக்கைக்கு பிடிஎஃப் வடிவத்தை மட்டுமே குறிப்பிடுகிறது. எனவே இந்த வெளியீட்டில் எக்செல்லைச் சேர்க்க இயலாது. பிடிஎஃப் வசதியைத் தரும் தேதியில் மாற்றமில்லை.
>
> எக்செல் வேண்டுமென்றால் அதைத் தனி சேஞ்ச் ரெக்வெஸ்ட்டாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் புராஜெக்ட் மேனேஜரை இந்த மெயிலில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் அதற்கான செலவையும் கால அளவையும் அவர் மதிப்பிட்டு அனுப்புவார்.

கிளையன்ட் கேட்டதன் காரணத்தை முதலில் சொல்லிவிட்டதால், படிக்காமல் மறுத்துவிட்டார்கள் என்று தோன்றாது. 'இயலாது' ஒரே ஒரு இடத்தில், 'இப்போதைக்கு' போன்ற ஒட்டு எதுவும் இல்லாமல் நிற்கிறது. காரணம் பிரிவு எண்ணாக இருப்பதால் அவரே திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் வேலைப்பளு காரணமாக இருந்தால் அது விவாதமாகிவிடும். மன்னிப்பை எடுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி நடப்பதற்கு மன்னிப்புக் கேட்டால் ஏதோ தவறு நடந்ததாகவே தோன்றும். 'ஐயா'வுக்குப் பதில் அவர் தன் மெயிலின் அடியில் எப்படிக் கையெழுத்திட்டாரோ அந்தப் பெயர் போதும்.

தொகையும் நாளும் நான் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். 'தோராயமாக மூன்று நாள்' என்று நீங்கள் போட்டால் அதுவே விலைப்புள்ளி ஆகிவிடும்.

'ஒரு பட்டன்தானே, சேர்த்துவிடுங்களேன்' என்று அவர் திரும்ப எழுதக்கூடும், அல்லது தொலைபேசியில் அழைத்துக் கேட்கக்கூடும். புதுக் காரணம் தேட வேண்டாம். ஒவ்வொரு புதுக் காரணமும் பேரத்துக்கு இன்னொரு வாசல். 'மேனேஜர் மதிப்பீடு அனுப்பட்டுமா?' என்று மட்டும் கேளுங்கள். பேசியது தொலைபேசியில் என்றால், பேசி முடித்த அன்றே 'எக்செல் இந்த வெளியீட்டில் இல்லை, மதிப்பீடு தேவையா என்று நீங்கள் தெரிவிப்பீர்கள்' என்று இரண்டு வரி மெயில் போட்டு, அதிலும் மேனேஜரைச் சேர்த்துவிடுங்கள்.