நப்தலீன் குடுவை கலங்கினால் மட்டும் போதாது

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜுக்கு முன்னால் எண்ணெய் ஊறிய மண் எடுத்து, நப்தலீனை மட்டும் உணவாக வைத்து பற்றீரியா பிரிக்கிறேன். நப்தலீன் தண்ணீரில் கரையாததால் 50 மில்லிகிராமை 1 மில்லிலீற்றர் எதனோலில் கரைத்து, 50 மில்லிலீற்றர் ஊடகத்தில் விட்டு, 1 கிராம் மண் போட்டேன். இரண்டாம் நாளே குடுவை கலங்கிவிட்டது. நியூட்ரியன்ட் ஏகாரில் ஐந்து வகைக் கொலனிகள் வந்தன. காசு கட்டினால் பெயர் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு இடத்தில் சொல்கிறார்கள். ஐந்தில் எதை அனுப்புவது? (மாணவி, வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் அனுப்பாதீர்கள். அந்த ஐந்தும் நப்தலீனைத் தின்று வளர்ந்தவை என்று சொல்ல உங்கள் கையில் இன்னும் ஆதாரம் இல்லை.

செறிவூட்டல் வளர்ப்பில் நாம் செய்வது இதுதான்: நைதரசன், பொசுபரசு, மற்ற உப்புகள் எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, காபனை மட்டும் ஒரே ஒரு பொருளாக வைக்கிறோம். அந்தப் பொருளை உடைக்கத் தெரிந்தது பெருகும், மற்றவை பட்டினி கிடக்கும். முழு முறையும் அந்த ‘ஒரே ஒரு’ என்பதில்தான் நிற்கிறது. உங்கள் குடுவையில் அது இல்லை.

கணக்குப் பாருங்கள். 50 மில்லிகிராம் நப்தலீனில் சுமார் 47 மில்லிகிராம் காபன் இருக்கிறது. நீங்கள் விட்ட 1 மில்லிலீற்றர் எதனோலிலோ 400 மில்லிகிராமுக்கு மேல் காபன். எதனோலை உண்ணத் தெரிந்த பற்றீரியா எந்த மண்ணிலும் உண்டு. ஆகவே இரண்டாம் நாள் வந்த கலங்கல் பெரும்பாலும் எதனோலில் வளர்ந்த கூட்டம். இன்னொன்றும் இருக்கலாம்: எதனோலில் கரைந்த நப்தலீன் தண்ணீரில் விழுந்ததும் நுண்ணிய பளிங்குகளாகப் பிரிந்து பால் மாதிரி வெளுக்கும். பற்றீரியாவே இல்லாமல் வரும் கலங்கல் அது. ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்தால் தெரிந்துவிடும்.

கரைப்பானே வேண்டாம். நப்தலீன் ஒரு லீற்றர் தண்ணீரில் 30 மில்லிகிராம் அளவுதான் கரையும், ஆனால் அது போதும். கரைந்ததைப் பற்றீரியா தின்னத் தின்ன, அடியில் கிடக்கும் பளிங்கிலிருந்து மேலும் கரைந்து வரும். ஊடகத்தை ஓட்டோகிளேவ் செய்து ஆறவைத்த பிறகு பளிங்காகவே போடுங்கள். முன்னாலேயே போட்டால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். 250 மில்லிலீற்றர் குடுவையில் 50 மில்லிலீற்றருக்கு மேல் ஊடகம் வேண்டாம். நப்தலீன் வளையத்தை உடைக்கும் முதல் படிக்கே ஒட்சிசன் தேவை.

நப்தலீன் எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அலுமாரிக்குள் போடும் வெள்ளை உருண்டையைப் புறக்கோட்டையில் வாங்கி அரைத்துப் போடுகிற பழக்கம் இருக்கிறது. ‘நப்தலீன்தான்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். அதே உருவத்தில் பராடைக்குளோரோபென்சீன் உருண்டையும் வருகிறது. அது வேறு பொருள், அதைத் தின்பவையும் வேறு. ஒரு துண்டை 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் போடுங்கள். பராடைக்குளோரோபென்சீன் 53 பாகையிலேயே உருகும், நப்தலீனுக்கு 80 வேண்டும். உருகாவிட்டாலும் வாசனைத் திரவியம் கலந்திருக்கலாம், அதுவும் காபன்தான். ஆய்வுகூடத் தரப் போத்தலே வாங்குங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். எண்ணெய் ஊறிய மண்ணும் சாப்பாடுதான். அதில் 5 சதவீதம் காபன் என்று வைத்துக்கொண்டால், 1 கிராமில் 50 மில்லிகிராம். அதாவது நீங்கள் போட்ட நப்தலீனில் உள்ள அளவு. அதனால்தான் முதல் குடுவை எதையும் நிரூபிக்காது. ஒரு வாரம் கழித்து அதிலிருந்து 1 மில்லிலீற்றரைப் புதிய 50 மில்லிலீற்றருக்கு மாற்றுங்கள். மண்ணிலிருந்து வரும் காபன் 1 மில்லிகிராமாகக் குறையும். அடுத்த மாற்றத்தில் 0.02 மில்லிகிராம், மூன்றாவதில் 0.0004. அப்போதும் குடுவை கலங்கினால் அந்த வளர்ச்சிக்கு நப்தலீனைத் தவிர வேறு காரணம் தேடுவது கஷ்டம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் பக்கத்தில் இரண்டு குடுவைகள் வையுங்கள். ஒன்றில் பற்றீரியா உண்டு, நப்தலீன் இல்லை. மற்றதில் நப்தலீன் உண்டு, பற்றீரியா இல்லை. இரண்டும் தெளிவாக இருந்தால்தான் மூன்றாவதின் கலங்கலுக்கு மதிப்பு. மாணவர் ஆய்வு அறிக்கைப் படிவத்தில் இனத்தின் பெயருக்குக் கட்டம் இருக்கிறது, இந்த இரண்டு குடுவைகளுக்குக் கட்டம் இல்லை. புள்ளியும் பெயருக்குத்தான். பிள்ளைகள் பெயரைத் தேடிக் காசு கொண்டு ஓடுவதற்கு இந்தப் படிவமும் ஒரு காரணம் என்று நான் பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன். மாற்றத்தான் ஆள் இல்லை.

நியூட்ரியன்ட் ஏகாரில் பூசியது அடுத்த பிழை. அதில் நப்தலீனை உண்ணத் தெரியாதவையும் வளரும். உப்பு ஊடகத்தில் ஏகார் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, தட்டைக் கவிழ்த்து, மூடியில் சில நப்தலீன் பளிங்குகளை வையுங்கள். ஆவியே உணவு. பிளாஸ்டிக் தட்டு அந்த ஆவியில் இளகக்கூடும். பளிங்கு வைக்காத தட்டை வேறு பெட்டியில் தனியாக மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துத் தட்டின் ஆவி அதற்கும் போய்ச் சேரும். ஏகாரிலேயே கொஞ்சம் அழுக்குக் காபன் இருப்பதால் பளிங்கில்லாத தட்டிலும் ஊசிமுனைக் கொலனிகள் வரும். பளிங்குள்ள தட்டில் மட்டும் பெரிதாக வளர்வதைத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். கலவைக் குடுவை நன்றாகக் கலங்கும், ஆனால் பிரித்தெடுத்த எந்தக் கொலனியும் தனியாக நப்தலீனில் வளராது. உடனே பிழை விட்டதாக நினைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நப்தலீனை உடைப்பது ஒன்றாகவும், அதற்குத் தேவையான விற்றமினைச் செய்து கொடுப்பது இன்னொன்றாகவும் இருக்கலாம். அல்லது முதலாவது உடைத்துவிடும் சலிசிலேற்று போன்ற துண்டுகள் தேங்கி அதையே முடக்க, இரண்டாவது அவற்றைத் தின்று இடத்தைச் சுத்தமாக்கலாம். கூட்டுக்குடும்பத்தைப் பிரித்தது போல, தனித்தனியே விட்டால் இரண்டும் நொடித்துப்போகும். கொலனிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நப்தலீன் குடுவையில் போட்டுப் பாருங்கள். ஒரு சோடி மட்டும் வளர்ந்தால், அந்தச் சோடியையே உங்கள் முடிவாக எழுதுங்கள். ‘ஒரு சிட்டிகை ஈஸ்ட் சாறு போட்டால் தனியாகவே வளரும்’ என்று யாராவது சொல்வார்கள். வளரும்தான், ஆனால் ஈஸ்ட் சாறும் காபன். போடுவதானால் நப்தலீன் இல்லாமல் ஈஸ்ட் சாறு மட்டும் உள்ள குடுவையும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த இடம். காசு வாங்கிக்கொண்டு பெயர் தருகிறவர்களில் சிலர் வெறும் தரகர்கள். மாதிரியை வேறெங்கோ அனுப்பிவிட்டு, ஒரு தாளில் பெயரை மட்டும் அடித்துத் தருவார்கள். மாதிரியில் இரண்டு வகை கலந்திருந்தாலும் ஏதோ ஒரு பெயர் வரும். கட்டுமுன்பே `.ab1` கோப்பைத் தருவார்களா என்று கேளுங்கள். அது பற்றீரியாவின் டி.என்.ஏ. வரிசையைப் படித்த கருவியின் மூலக் கோப்பு. கலப்படம் இருந்தால் அதில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் தெரியும். தர மாட்டோம் என்றால் காசு கொடுக்காதீர்கள். அனுப்பும் கொலனியை நப்தலீன் தட்டிலிருந்தே எடுங்கள். நப்தலீனை உடைக்கும் திறனுக்கான மரபணுக்கள், சூடோமோனாசு என்ற பற்றீரியா வகையில் பலவற்றில், நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியாக இருக்கும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் இருப்பவை. நியூட்ரியன்ட் ஏகாரில் திரும்பத் திரும்ப வளர்த்தால் அந்த வளையம் கழன்று போகலாம். பெயர் அப்போதும் அதேதான் வரும், நப்தலீனில் போட்டால் வளராது.