கண்ணாடிக் கடைக்குப் போகும்போது இன்ச் டேப்பும் கொண்டு போங்கள்: வாசகர் கேள்வி பதில்

புளூ கட் லென்ஸ் போட்டும் சாயங்காலத் தலைவலி நிற்கவில்லை. இன்னும் நல்ல தரத்தில் வாங்கலாமா? (கொளத்தூர்)

வேண்டாம். 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 பரிசோதனைகளை அலசிப் பார்த்தது. கணினியால் வரும் கண் களைப்பை அந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை. உங்கள் பவர் சரியா, திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வயது 49. லிங்கிச்செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி போடும் வேலை, தினம் 9 மணி நேரம் கணினி. ஆறு மாதம் முன்பு ப்ரோக்ரெசிவ் கண்ணாடி வாங்கினேன். மூன்று மணியானால் பிடரியில் பிடித்து, உச்சந்தலை வழியாக நெற்றிக்கு வலி வருகிறது. பவர் சரி என்கிறார்கள். தூரத்துக்கு +0.50, கிட்டத்துக்காக அதோடு கூட்டும் ஆட் +2.00. மானிட்டரை சிபியு மேல் வைத்திருக்கிறேன். (பழைய வண்ணாரப்பேட்டை)

சீட்டில் உள்ளதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். பவர் சரியாகத்தான் இருக்கும். தவறு வேறு இடத்தில்.

ப்ரோக்ரெசிவ் லென்ஸில் மேல்பகுதி தெருவுக்கு, அடிப்பகுதி புத்தகத்துக்கு. கணினிக்கான பவர் இரண்டுக்கும் நடுவே குறுகலான ஒரு பட்டையில்தான் இருக்கிறது. உங்கள் மானிட்டரோ சிபியு மேல் ஏறி, கண்ணுக்கு நேராகவோ அதற்கு மேலேயோ நிற்கிறது. நேராகப் பார்த்தால் தெருப் பவர் வழியாகப் பார்ப்பீர்கள், எழுத்து மங்கும். உடனே, உங்களை அறியாமலே, தாடையைத் தூக்கி லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க ஆரம்பிக்கிறீர்கள். மண்டையோட்டுக்கு அடியில் பிடரியில் இருக்கும் சின்னத் தசைகள் மணிக்கணக்கில் சுருங்கியே கிடக்கின்றன. அந்த இடத்து வலி நெற்றியில் தெரிவது சகஜம். அதனால்தான் கண்தான் காரணம் என்று நினைத்து மறுபடி மறுபடி பவரையே பார்க்கிறார்கள்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி: நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது, சொல்லாமல் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தாடை தூக்கியிருந்தால் விஷயம் அதுதான். பிறகு தாடையை இறக்கி, தலையை நேராக வைத்து, திரையின் மேல் வரியைப் படியுங்கள். மங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது, சிபியுவை மேசைக்குக் கீழே இறக்குவது. மானிட்டர் மேசையிலேயே நிற்கட்டும். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு ஒரு நாலு இன்ச் கீழே வர வேண்டும். சாதாரணக் கண்ணாடிக்காரர்களுக்கு இரண்டு விரற்கடை போதும். ப்ரோக்ரெசிவ் போட்டவர்களுக்கு அதிகம் இறக்க வேண்டும். திரையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்களுக்குக் கணினிக்கென்று தனிக் கண்ணாடி தேவை. இதில்தான் எனக்கு ஆற்றாமை. வெள்ளெழுத்துக்கு வருபவரிடம் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து, சுமார் 16 இன்ச்சில் படிக்கச் சொல்லி ஆட் எழுதிவிடுகிறார்கள். நாள் முழுக்க அவர் பார்ப்பது 26 இன்ச்சில் உள்ள திரையை. அந்தத் தூரத்தைக் கடைக்காரர் கேட்பதில்லை, போகிறவரும் சொல்வதில்லை. கையோடு விலை அதிகமான ப்ரோக்ரெசிவ்வை விற்று, "பழகிடும் சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தெருவில் நடக்க, கடையில் விலைச்சீட்டு பார்க்க அது நல்ல கண்ணாடிதான். 9 மணி நேரக் கணினிக்கு அது உதவாது. பழகுவது கழுத்துதான், அதுவும் கோணலாக.

கணக்கு எளிது. +2.00 ஆட் புத்தகத்துக்கு. 26 இன்ச் திரைக்கு அதில் பாதியோ கொஞ்சம் கூடுதலோ, அதாவது +1.25 அளவு போதும். தூரப் பவர் +0.50ஐயும் கூட்டினால் +1.75. சிலிண்டர் இருந்தால் அது மாறாது. சோதனை பிரேமில் இந்தப் பவரைப் போட்டு, உங்கள் திரை தூரத்தில் எதையாவது படித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். கால் பவர் முன்னே பின்னே இருக்கலாம். இதைப் போட்டால் இரண்டரை அடிக்கு அப்பால் மங்கும். இதோடு வண்டி ஓட்டாதீர்கள், மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்திருங்கள். எதிரில் வருபவர் முகமும் தெரிய வேண்டுமென்றால் 'ஆபீஸ் லென்ஸ்' என்று கேளுங்கள்.

திரையிலிருந்து கண்ணுக்கு எத்தனை இன்ச் என்று அளந்து, சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு போங்கள்.

கம்ப்யூட்டர் பார்த்தா தலைவலி. நல்ல மாத்திரை சொல்லவும். (வியாசர்பாடி)

வயது? கண்ணாடி உண்டா? நெற்றியா, பிடரியா, ஒரு பக்கமா? ஒன்றும் எழுதாமல் மாத்திரை கேட்டால் என்ன சொல்ல? வலி மாத்திரையை மாதத்தில் 10, 15 நாள் என்று தொடர்ந்து விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். திடீரென்று இதுவரை காணாத வேகத்தில் வலி, இரட்டைப் பார்வை, கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி என்று இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயது 23. டிடிபி வேலை. பார்வை 6/6, பவர் இல்லை என்றார்கள். ஒரு மணி நேரத்தில் புருவத்துக்கு மேல் வலி, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. (பெரம்பூர்)

6/6 என்பது ஆறு மீட்டர் தள்ளி உள்ள எழுத்து தெரிகிறது என்பதற்கு மட்டும் சாட்சி. கிட்டத்தில் கண் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை அது சொல்லாது. உங்களுக்கு இரண்டில் ஒன்று இருக்கலாம். இள வயதுக் கண் சின்னப் பிளஸ் பவரைத் தன் தசையால் சமாளித்து மறைத்துவிடும். சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால்தான் வெளியே வரும். இல்லையென்றால், இரு கண்களும் கிட்டத்தில் உள்ளதை நோக்கிக் குவியும் திறன் குறைவாக இருக்கலாம். வரி ஏறுகிறது என்பதால் எனக்குச் சந்தேகம் இரண்டாவதில்.

ஒரு பேனா முனையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டு வாருங்கள். நாலு இன்ச்சுக்கு முன்பே இரண்டாகத் தெரிந்தால் ஸ்டான்லி கண் பிரிவிலோ எழும்பூர் கண் மருத்துவமனையிலோ காட்டுங்கள். 'கிட்டத்தில் பார்க்கும்போது கண் குவிவதைச் சோதிக்க வேண்டும்' என்று வாய் திறந்து கேளுங்கள். பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும்.

லேப்டாப்பில் வீட்டிலிருந்து வேலை. கட்டிலில் உட்கார்ந்துதான். கழுத்து வலி, தலை கனம். (திருவொற்றியூர்)

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கழுத்துக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், சேர்ந்தே ஆயிரத்துக்குள் கிடைக்கும். லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சாப்பாட்டு மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் போதும். கட்டில் தூங்க.

கண் எரிச்சல், மணல் விழுந்தது போல. மெடிக்கலில் சிவப்புக்குச் சொட்டு வாங்கிப் போடுகிறேன். (காசிமேடு)

நிறுத்துங்கள். சிவப்பை மறைக்கும் சொட்டு ரத்தக் குழாயைச் சுருக்கும்; விளைவு தீர்ந்ததும் கண் முன்பைவிடச் சிவக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும், அது கண் அழுத்தத்தை ஏற்றும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. முகத்துக்கு நேராக வீசும் டேபிள் ஃபேனைக் காலுக்குத் திருப்புங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இமையை முழுக்க மூடி இரண்டு விநாடி வைத்துத் திறங்கள். அரைகுறை இமைப்பு கணக்கில்லை. அதற்கும் அடங்காவிட்டால் கார்பாக்ஸிமெதில்செல்லுலோஸ் 0.5% சொட்டு, நாளைக்கு மூன்று நாலு தடவை. திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். திரை முகத்துக்கு நேரே உயரத்தில் இருந்தால் கண் அகலத் திறந்து இன்னும் காயும். ஆகவே நீங்களும் டேப்பை எடுங்கள்.