முழங்கால் வலியும் சீட் உயரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

38 வயதில் இப்போதுதான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரவல் வண்டி. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிகிற அளவுக்குச் சீட்டை இறக்கியிருக்கிறேன். நாலைந்து கிலோமீட்டர் போனதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. இனி சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். என் உயரம் 165 செ.மீ. எந்த அளவு வாங்குவது? 21 கியர் தேவையா? இப்போதைக்கு எப்போதும் கடைசி கியரில்தான் ஓட்டுகிறேன், அதில்தான் வேகம் வரும் என்றார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வலிக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சீட்டாகத்தான் இருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே அழுத்துவதால் அதிகச் சுமை முழங்கால் சில்லின் மேல் விழுகிறது. சீட்டின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பெடல், தரை அல்ல.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள். அப்போது முழங்காலில் சிறிய மடிப்பு தானாகவே வந்துவிடும், அதுதான் வேண்டும்.

கணக்காகவும் பார்க்கலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு புத்தகத்தைக் கவட்டை வரை இறுக்கி வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். உங்களுக்கு 76 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883ஆல் பெருக்கினால் 67 செ.மீ. பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட்டைத் தாங்கும் குழாயின் போக்கிலேயே, சீட்டின் மேல்பரப்பு வரை இந்த 67 இருக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளிதான். ஓட்டும்போது இடுப்பு இடம் வலமாக ஆடினாலோ முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ அரை செ.மீ. இறக்குங்கள்.

ஒரே நாளில் இந்த உயரத்துக்குப் போக வேண்டாம். வாரம் ஒன்றிரண்டு செ.மீ. ஏற்றினால் போதும். கூடவே நிறுத்தும் முறையையும் மாற்ற வேண்டும்: பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் ஒரு கால் கீழ்ப்பெடலில் நிற்க, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, மற்றக் காலை ஊன்ற வேண்டும். சரியான உயரத்தில் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தபடி நுனிவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். அது தவறில்லை.

அளவு பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கடையில் முதலில் சீட்டை 67க்கு ஏற்றச் சொல்லுங்கள். சீட் கம்பியில் 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு குழாய்க்கு வெளியே தெரிந்தால் ஃபிரேம் உங்களுக்குச் சிறியது. அப்படியே ஓட்டினால் கம்பி வளையும், குழாய் விரிசல் விடும். தாழ்ந்த சீட்டோடு பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடுத்து, சீட்டுக்கு முன்னால் தரையில் நில்லுங்கள். மேல்குழாய்க்கும் உங்களுக்கும் இடையே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். கை விறைத்து நீண்டால் வண்டி பெரியது.

இனி கியர். 21 என்பது முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரங்களின் பெருக்கல். அவற்றில் பல ஏறத்தாழ ஒன்றேதான். முன்னால் 42 பல், பின்னால் 20 என்றால் விகிதம் 2.1, முன்னால் 34, பின்னால் 16 என்றாலும் 2.1தான். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். மேடு இல்லாத பாதைக்கு முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் ஏழெட்டும் போதும், குழப்பமும் குறைவு. மேடுகள் உண்டென்றால் முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரத்தில் பல் அதிகமாக வரும் ஒரு சேர்க்கையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி கியர் பற்றிச் சொன்னீர்களே, அதுவும் முழங்காலைத்தான் தாக்குகிறது. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று கொள்வோம். 42க்கு 14 என்ற கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 6.3 மீட்டர் போகும். 34க்கு 18 என்றால் ஏறக்குறைய 4 மீட்டர். மணிக்கு 16.7 கி.மீ. வேகத்தில் முதலாவதில் நிமிடத்துக்கு 44 சுற்று, இரண்டாவதில் 70. வேகம் ஒன்றேதான், ஆனால் முதலாவதில் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். 70 சுற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கால் கனத்து சுற்று குறையத் தொடங்கியதுமே லேசான கியருக்குப் போங்கள். மாற்றும்போது மிதிப்பதை நிறுத்தக் கூடாது, அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். மேட்டின் நடுவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நறநறவென்று உராய்ந்து கழன்றுவிடலாம்.

புது வண்டியில் சில வாரங்களில் கியர் கேபிள் லேசாகத் தளரும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற செயின் தயங்குவதுதான் அதன் அடையாளம். பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு குமிழை, அது வெளியே கழன்று வரும் திசையில் அரைச் சுற்று திருப்புங்கள், சரியாகிவிடும். ஆனால் செயின் பெரிய பல்சக்கரத்தையும் தாண்டிச் சக்கரக் கம்பிகளுக்குள் விழுகிறது என்றால் குமிழைத் தொடாதீர்கள். அது, செயின் எல்லை தாண்டாமல் தடுக்கும் திருகின் கோளாறாகவோ, பின் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்ததாகவோ இருக்கலாம். ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.