கரட்: ஏஜென்டுக்கா, தம்புள்ளைக்கா?

"கந்தப்பளையில் 400 கிலோ கரட் இருக்கு. ஏஜென்ட் தோட்டத்திலேயே கிலோ 140 தாறார். தம்புள்ளையில் 200ஆம், ஆனால் தினமும் மாறுது. எங்கே கொடுக்கலாம்?"

தம்பி, முதலில் அந்த 200 கடைக்காரர் விற்கும் விலையா, விவசாயியிடம் வாங்கும் விலையா என்று கேளுங்கள். பலர் விற்கும் விலையைத்தான் சொல்வார்கள்.

வாங்கும் விலைதான் என்று வையுங்கள். லொறிக் கூலி 6,000, கழுவி மூட்டை கட்டி ஏற்ற 3,200, கொமிஷன் நூற்றுக்குப் பத்து. உடைந்தது, சிறுத்தது என்று 20 கிலோ கழிந்தால் மிச்சம் 380 கிலோ. கொமிஷன் போக 68,400, மற்றச் செலவும் போக 59,200 கையில் வரும். ஏஜென்ட் தருவது 56,000. இரவெல்லாம் லொறியில் போய்க் கிடைப்பது 3,200 ரூபாய்தான். அங்கே விலை 190க்கு இறங்கினால் அதுவும் இல்லை. இந்தக் கூலிகள் நான் உத்தேசமாகப் போட்டவை, உங்கள் லொறிக்காரரிடம் கேட்டு மாற்றிப் போடுங்கள்.

நான் என்றால் இந்த 400 கிலோவை ஏஜென்டுக்கே கொடுப்பேன். விலை 220க்கு மேல் இரண்டு மூன்று நாள் நின்றால், பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து லொறி பிடித்து அனுப்பலாம். கரட் கோவா மாதிரி இல்லை, மழை இல்லாவிட்டால் சில நாள் மண்ணில் விடலாம். பெருமழை என்றால் வெடிக்கும், அப்போது காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், விதைக்கோ உரத்துக்கோ ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் அந்தக் கணக்கைப் பேசி முடியுங்கள்.