நடந்து போகும் சனம் சேர்ந்து பாடப் பல்லவி எழுதுவது எப்படி?

"வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து போகிறோம். நான் எழுதிய பாட்டை முன்னுக்குப் போகிற நாலு பேர்தான் பாடுகினம். ஏன்?"

பின்னால் வருகிற ஆக்கள் எங்கே சேருவது என்று தெரியாமல் நிற்கினம். அம்மன் பெயரை அடியின் கடைசியில் வையுங்கோ, அதை மாத்தவே வேண்டாம். இப்படி:

கடல்நீரில் விளக்கெரியும் – கண்ணகையே தாயே
வற்றாப்பளை வந்திருக்கும் – கண்ணகையே தாயே

முதல் பாதி தலைப்பாட்டுக்காரருக்கு, மற்றது சனத்துக்கு. முதல் பாதி எப்பவும் 'எரியும்', 'இருக்கும்' என்று எச்சத்தில் நிற்கட்டும். வசனம் முடியாமல் தொங்குவதால், புதிதாக வந்தவரும் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார். 'விளக்கெரியுது' என்று முடித்தால் அந்த இழுப்பு போய்விடும். 'தாயே'யின் இரண்டு எழுத்தும் நெடில்; நடக்கிற மூச்சுக்கு ஏற்ப நீட்டலாம். (பொருளும் பொருந்தும்: அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது வழக்கம்தானே.)

வரிசை நீண்டால் கடைசி ஆக்களின் 'தாயே' அடுத்த அடிக்கு மேல் விழும். அப்போது வேகத்தைக் குறைக்காமல், அடிகளுக்கு நடுவில் இரண்டு தாளம் சும்மா விடுங்கோ. கோயில் வாசலில் முதல் பாதியையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னால் போதும்.