ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் பிறந்த தேதித் திருத்தம்

"டெல்லியில் மத்திய அரசுப் பள்ளி ஆசிரியை நான். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் 12-07-1966, பணிப்பதிவேட்டில் 12-01-1966. ஜனவரியில் ஓய்வு என்கிறார்கள். கடிதம் எப்படி எழுதுவது?"

மேடம், முதலில் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். தேதிக்குப் பக்கத்தில் எந்தச் சான்றிதழைப் பார்த்து எழுதினார்கள் என்ற குறிப்பு இருக்கும். அதில் எஸ்.எஸ்.எல்.சி. என்று இருந்தால் உங்கள் நிலை பலமானது.

ஏனென்றால் பதிவேட்டிலுள்ள எழுத்துப் பிழையைச் சரிசெய்யக் கேட்பது வேறு, பிறந்த தேதியையே மாற்றக் கேட்பது வேறு. அடிப்படை விதி 56, குறிப்பு 6-இன்படி பணியில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் அதைக் கேட்டிருக்க வேண்டும். கடைசி நேரக் கோரிக்கைகளை நீதிமன்றங்களும் பெரும்பாலும் ஏற்பதில்லை. 1993-இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதனால் "மாற்றம்" என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பணியில் சேரும்போது நான் அளித்த எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் பிறந்த தேதி 12-07-1966. அதைப் பார்த்து எழுதியதாகக் குறிப்புள்ள பதிவேட்டில் 12-01-1966 என உள்ளது. இந்த எழுத்துப் பிழையைச் சான்றிதழின்படி சரிசெய்து, ஓய்வு நாளை 31-07-2026 எனக் குறிக்க வேண்டுகிறேன்."

சான்றிதழ் நகலோடு வேலைக்கு விண்ணப்பித்த படிவத்தின் நகலையும் இணையுங்கள். அதில் நீங்களே ஜனவரி என்று எழுதியிருந்தால் சிக்கல்தான். நகராட்சிப் பிறப்புச் சான்றிதழை இப்போது புதிதாக வாங்கி வைக்காதீர்கள், வீண் சந்தேகம் வரும். கடிதத்தைப் பள்ளி முதல்வர் வழியாகக் கொடுத்து, டைரி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அதிலுள்ள தேதியையும் பாருங்கள். ஜனவரி என்றிருந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.